ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட் வருவது ஏன்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, தாளுக்குத் தாள் தரும் கிரேடுகளில் மிக உயர்ந்தது O. அடுத்து A+, A, B+, B, C என்று இறங்கும். தேறாதவருக்கு U. இந்தக் கிரேடுகளை எக்செல்லில் தட்டிவைத்து, A–Z பொத்தானை அழுத்திப் பாருங்கள். பட்டியல் A என்று தொடங்கும். அடுத்து A+, B, B+, C. அதற்கும் கீழே O. கடைசியில் U. வகுப்பிலேயே உயர்ந்த கிரேடு வாங்கிய பிள்ளைகள், தேறாதவர்களுக்கு நேர் மேலே போய் உட்கார்ந்திருப்பார்கள். A-வை விட உயர்ந்த A+ அதற்குக் கீழே கிடக்கும். தேர்வுக்கு வராதவர்களுக்கு அலுவலகத்தில் AB என்று போட்டுவைத்திருந்தால் இன்னும் மோசம். AB என்பது A+-க்கும் B-க்கும் நடுவில் வந்துவிடும். தேர்வே எழுதாதவர் B வாங்கியவருக்கு மேலே நிற்பார்.

இலங்கையில் இதே சிக்கல் இன்னும் நுணுக்கமாக ஒளிந்திருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் A, B, C, S, W என்று பெறுபேறு தருகிறார்கள். தற்செயலாக அது ஆங்கில அகரவரிசையும்கூட. எனவே வரிசைப்படுத்தினால் எந்தக் கோளாறும் தெரியாது. உயர்தரத்தில் A, B, C, S, F. இங்கே A–Z அழுத்தினால், சித்தியடையாத F, சாதாரண சித்தியான S-க்கு மேலே ஏறிவிடும். சாதாரண தரப் பட்டியலில் சரியாக வந்த பழக்கத்தை நம்பி உயர்தரப் பட்டியலையும் அப்படியே அச்செடுத்தால், பிழை கண்ணில் படவே படாது. முதல் மூன்று எழுத்துகளும் சரியாக இருப்பதால் யாரும் கீழே வரை பார்க்கமாட்டார்கள்.

மாதங்களுக்கும் இதே கதைதான். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஒரு விடுதியின் மாதச் செலவைப் பன்னிரண்டு வரியில் எழுதி, மாதப் பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் முதல் வரி April. சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். இரண்டாவது வரி August, மூன்றாவது December, பிறகு February, January. கடைசி வரி September. ஏப்ரல் முதலில் வந்தது நிதியாண்டு என்பதால் அல்ல, A என்ற எழுத்தால். தமிழ் மாதங்களை எழுதினால் சித்திரைக்குப் பதில் ஆடி முதலில் வரும். வைகாசி கடைசிக்குப் போகும்.

காரணம் எளிது. செல்லில் இருப்பது எண் என்றால் விரிதாள் அதன் அளவைப் பார்த்து வரிசைப்படுத்தும். எழுத்து என்றால் முதல் எழுத்து, அது சமமானால் இரண்டாவது எழுத்து என்று ஒப்பிடும். இரண்டுமே சமமாகி ஒன்று முடிந்துவிட்டால், குட்டையானது முன்னால். A, A+-க்கு முன்னால் வருவது இதனால்தான். O என்பது பத்துப் புள்ளி, A என்பது எட்டு என்பதெல்லாம் நம் மனத்தில் இருக்கிறதே தவிர, அந்த எழுத்துக்குள் இல்லை. அந்த வரிசையை நாம்தான் ஒருமுறை எழுதிக் கொடுக்கவேண்டும்.

எக்செல்லில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. அதை நீங்கள் அறியாமலே பயன்படுத்தியும் இருப்பீர்கள். ஒரு செல்லில் Jan என்று தட்டி, அதன் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் Feb, Mar என்று தானாக நிரம்புகிறதல்லவா? எக்செல் தனக்குள் நான்கு பட்டியல்களை வைத்திருக்கிறது. கிழமைகளின் முழுப்பெயர், குறும்பெயர். மாதங்களின் முழுப்பெயர், குறும்பெயர். இழுத்து நிரப்பும்போது அந்தப் பட்டியலைத் தானாகப் பார்க்கிறது. வரிசைப்படுத்தும்போது மட்டும், 'அந்தப் பட்டியலைப் பார்' என்று நாம் சொல்லவேண்டியிருக்கிறது. A–Z பொத்தானில் அதைச் சொல்ல இடமில்லை.

இடம் இருப்பது Data தாவலில் உள்ள Sort என்ற பெரிய பொத்தானில். கிரேடு பட்டியலையே எடுத்துக்கொள்வோம். அறுபது மாணவர்கள், A நெடுவரிசையில் வரிசை எண், B-யில் பதிவெண், C-யில் பெயர், D-யில் கிரேடு. முதல் வரி தலைப்பு. பட்டியலுக்குள் ஏதாவது ஒரு செல்லில் நின்றுகொண்டு Sort அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். Sort by என்ற இடத்தில் கிரேடு நெடுவரிசையைத் தேர்ந்தெடுங்கள். வலது ஓரத்தில் Order என்று ஒரு கட்டம், அதில் A to Z என்று இருக்கும். அந்தக் கட்டத்தைத் திறந்தால் கடைசியில் Custom List... என்று ஒன்று தெரியும். அதுதான் வாசல்.

உள்ளே இடப்பக்கம் NEW LIST, வலப்பக்கம் வெற்றுப் பெட்டி. அந்தப் பெட்டியில் O என்று தட்டி Enter, A+ என்று தட்டி Enter, இப்படி U வரை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதி Add அழுத்தவேண்டும். AB இருந்தால் அதற்கும் இடம் நீங்களே முடிவுசெய்யுங்கள். U-க்குக் கீழே வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, தேறாதவரும் தேர்வு எழுதியவர்தானே. OK கொடுத்து வெளியே வந்ததும் Order கட்டத்தில் உங்கள் பட்டியல் நிற்கும். அதே கட்டத்தைத் திறந்தால் தலைகீழ் வடிவமும் இருக்கும். U-விலிருந்து மேலே போக வேண்டுமானால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே கிரேடு வாங்கியவர்கள் பதிவெண் வரிசையில் வரவேண்டுமென்றால் Add Level அழுத்தி, இரண்டாவது படியாகப் பதிவெண்ணைக் கொடுங்கள். அந்தப் படிக்குச் சாதாரண வரிசையே போதும்.

நிதியாண்டுக்கும் இதே வழி. எக்செல்லிடம் ஏற்கெனவே உள்ள மாதப் பட்டியல் ஜனவரியில் தொடங்குகிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் நிதியாண்டின் கடைசி மூன்று மாதங்களான ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகியவை ஏப்ரலுக்கு மேலே ஏறிவிடும். எனவே April தொடங்கி March வரை உங்களுக்கென்று ஒரு பட்டியல் செய்துகொள்ளவேண்டும். எக்செல்லின் சொந்தப் பட்டியல்களைத் திருத்தவோ நீக்கவோ முடியாது. பக்கத்தில் புதிதாகச் சேர்க்கத்தான் முடியும். தமிழ் மாதங்களும் அப்படியே. சித்திரை முதல் பங்குனி வரை ஒருமுறை சேர்த்துவிட்டால், வரிசைப்படுத்தவும் உதவும், சித்திரை என்று தட்டி இழுத்தால் வைகாசி, ஆனி என்று நிரப்பவும் உதவும். கோயில் கட்டளைக் கணக்கைத் தமிழ் மாதத்தில் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய சௌகரியம். ஒரு நிபந்தனை, எழுத்து யூனிகோடாக இருக்கவேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய செல்லில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். திரையில்தான் தமிழாகத் தெரிகின்றன. அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் எந்தப் பட்டியலும் பொருந்தாது.

பொருந்தாதவை என்ன ஆகும் என்பதுதான் இந்த வேலையில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. எக்செல் எச்சரிக்கை எதுவும் தராது. பட்டியலில் உள்ள பெயர்கள் எல்லாம் வந்து முடிந்ததும், பட்டியலில் இல்லாதவற்றை அவற்றுக்குக் கீழே அகரவரிசையில் அடுக்கிவிடும். வெற்று செல்கள் அதற்கும் கீழே. ஆகவே வரிசைப்படுத்தியதும் பார்க்கவேண்டியது பட்டியலின் தலையை அல்ல, காலை.

நம் ஊரில் மாதங்களைச் சுருக்கி எழுதும் விதத்தைப் பாருங்கள்: Apr, May, June, July, Aug, Sept. எக்செல்லின் குறும்பட்டியலில் உள்ளவை Jun, Jul, Sep. நம் கை எழுதும் June, July, Sept மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே Dec வரை ஒழுங்காக வந்து, அதற்குக் கீழே July, June, Sept என்று மூன்று வரி தனியாகக் கிடக்கும். July முதலில் வருவது அது பழையபடி எழுத்தை ஒப்பிடுவதால். இப்படி அடியில் சில வரிகள் அகரவரிசையில் ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டால், பட்டியலுக்கும் தாளுக்கும் எழுத்துக்கூட்டல் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். தாளில் உள்ளதைத் திருத்துங்கள், அல்லது உங்கள் கை எப்படி எழுதுகிறதோ அப்படியே ஒரு பட்டியல் செய்யுங்கள்.

இதைவிடச் சிரமப்படுத்துவது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. கிரேடு பட்டியல் U வரை சரியாக வந்து முடிகிறது. அதற்குக் கீழே ஒரே ஒரு A+. எழுத்துப் பிழை ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து செல்லில் =LEN(D61) என்று போட்டால் 2 வரவேண்டும்; 3 வருகிறது. A+ என்று தட்டியவர் கூடவே ஒரு இடைவெளியும் தட்டியிருக்கிறார். நமக்கு இரண்டும் ஒன்று, விரிதாளுக்கு வேறு வேறு. இணையப் பக்கத்திலிருந்து முடிவுகளை நகலெடுத்து ஒட்டும்போது இது அதிகம் நேரும். அங்கே வரும் இடைவெளி பல நேரம் சாதாரண இடைவெளிகூட இல்லை. உடையா இடைவெளி என்னும் வேறொரு குறி. இடைவெளி நீக்கும் TRIM அதைத் தொடாது. முதலில் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டு, பிறகு நீக்கவேண்டும்:

```
=TRIM(SUBSTITUTE(D2,CHAR(160)," "))
```

மாதங்களில் இன்னொரு சிக்கல் உண்டு, அது நல்ல தீர்வுக்கும் வழிகாட்டுகிறது. ஒரு செல்லில் Apr 2024 என்று தட்டினால் எக்செல் அதை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. 2024 ஏப்ரல் 1 என்ற தேதியாக மாற்றி, Apr-24 என்று காட்டுகிறது. செல்லில் நின்று மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பார்த்தால் முழுத் தேதியும் தெரியும். வடிவமைப்பை மாற்றாத தாளில், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும், தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும். பார்த்தவுடனேயே பிரித்துச் சொல்லிவிடலாம். ஒரே நெடுவரிசையில் சில வரிகள் தேதியாகவும் சில வரிகள் எழுத்தாகவும் இருந்தால், ஏறுவரிசையில் தேதிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து எழுத்துகளுக்கு மேலே போய்விடும்.

தேதியாக இருப்பது நல்லதுதான். தேதி என்பது விரிதாளுக்குள் ஓர் எண். எண்ணுக்கு வரிசை தெரியும். ஆகவே ஆங்கில மாதங்களைப் பொறுத்தவரை என் பரிந்துரை, பெயரை எழுத்தாகத் தட்டவே தட்டாதீர்கள் என்பதுதான். ஒவ்வொரு மாதத்துக்கும் அதன் முதல் தேதியைக் கொடுத்துவிட்டு, செல்லின் வடிவத்தை mmm என்றோ mmmm என்றோ வைத்தால் திரையில் Apr அல்லது April மட்டும் தெரியும். ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை A–Z அழுத்தினாலே சரியாக வரும், எந்தப் பட்டியலும் வேண்டாம். பல ஆண்டுக் கணக்கு ஒரே தாளில் இருந்து, எல்லா ஏப்ரலும் ஒன்றாக, எல்லா மே மாதமும் ஒன்றாக வரவேண்டும் என்றால் மட்டும் பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, தேதி A2-வில் இருப்பதாக வைத்துக்கொண்டு இதை எழுதலாம்:

```
=MOD(MONTH(A2)-4,12)+1
```

ஏப்ரல் என்றால் 1, மே என்றால் 2, மார்ச் என்றால் 12 வரும். 4 என்ற எண்தான் ஆண்டு தொடங்கும் மாதம். ஜூனில் தொடங்கும் கல்வியாண்டுக்கு அதை 6 ஆக்குங்கள்.

கிரேடுக்கு இந்த வழி கிடையாது. அதற்குள் ஒளிந்திருக்கும் எண் எதுவும் இல்லை. தமிழ் மாதத்துக்கும் இல்லை. அவற்றுக்குப் பட்டியல் தேவைதான். ஆனால் அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று யோசிக்கவேண்டும். எக்செல்லில் நீங்கள் சேர்த்த பட்டியல் உங்கள் கணினியில் பதிவாகிறது. அதை வைத்து ஒரு தாளை வரிசைப்படுத்தினால், அந்தக் கோப்புக்குள்ளும் ஒரு நகல் சேர்கிறது. கோப்பை வேறொருவருக்கு அனுப்பினால் அவருடைய Sort பெட்டியில் Order கட்டத்தில் உங்கள் பட்டியல் தெரியும். ஆனால் அவருடைய எக்செல் அமைப்புகளில், File, Options, Advanced வழியாகப் போய் Edit Custom Lists திறந்தால் அது இருக்காது. இழுத்து நிரப்பவும் அவருக்கு வேலை செய்யாது. அவர் புதிதாகத் திறக்கும் கோப்பில் சுத்தமாகக் கிடைக்காது. துறையில் கணினி மாறினாலும், புதிய ஆள் பொறுப்புக்கு வந்தாலும், பட்டியலை மறுபடி தட்டவேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் இப்படிப் பட்டியல் கொடுத்து வரிசைப்படுத்தும் பெட்டியே இல்லை. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் உண்டு. Tools, Options வழியே LibreOffice Calc-இன் கீழ் Sort Lists என்ற இடத்தில் பட்டியலைச் சேர்த்துவிட்டு, வரிசைப்படுத்தும் பெட்டியின் Options பக்கத்தில் Custom sort order-ஐத் தேர்வுசெய்யவேண்டும். ஆக, மூன்று பேர் மூன்று மென்பொருளில் திறக்கும் கோப்பு என்றால், பட்டியலை மென்பொருளுக்குள் வைப்பதைவிடத் தாளிலேயே எழுதி வைப்பது மேல்.

அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அதே தாளில் ஒதுக்குப்புறமாக H2 முதல் H8 வரை O, A+, A, B+, B, C, U என்று மேலிருந்து கீழாக எழுதுங்கள். D-யில் கிரேடு இருக்கிறது அல்லவா, E2-வில் இதைத் தட்டிக் கீழே வரை இழுங்கள்:

```
=IFERROR(MATCH(TRIM(D2),$H$2:$H$8,0),99)
```

MATCH என்பது, D2-வில் இருக்கும் கிரேடு அந்தப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். O என்றால் 1, A+ என்றால் 2, U என்றால் 7. டாலர் குறிகள் இருப்பதால் கீழே இழுக்கும்போது பட்டியலின் இடம் நகராது. அவற்றை விட்டுவிட்டால் மூன்றாவது வரியில் H3-லிருந்து தேடத் தொடங்கி, O வாங்கியவரைக் காணோம் என்று சொல்லிவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இதற்கு இல்லை, எனவே யாராவது a+ என்று தட்டியிருந்தாலும் பரவாயில்லை. இப்போது E நெடுவரிசையைச் சிறியதிலிருந்து பெரியது என்று வரிசைப்படுத்தினால் மாணவர் பட்டியல் O-விலிருந்து U வரை வரும். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் மூன்றிலும் வரும். அச்செடுக்கும்போது E நெடுவரிசையை மறைத்துவிடலாம்.

எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். வரிசை என்ன என்பது தாளில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. AB-க்கு எந்த இடம் என்று துறையில் பேசி முடிவெடுத்து, H9-இல் சேர்த்து, சூத்திரத்தில் $H$8 என்பதை $H$9 ஆக்கினால் போதும். இன்னொரு பயனும் உண்டு. எக்செல்லில் ஒரு பட்டியலைச் சேர்த்துவிட்டால், அதன் பிறகு செய்யும் பிவட் அட்டவணைகளும் வழக்கமாக அதைப் பார்த்தே பெயர்களை அடுக்கும். தமிழ் மாதப் பட்டியலைச் சேர்த்த கணினியில், ஆனி என்ற பெயருள்ள ஒருவர் பிவட் அட்டவணையில் அகரவரிசையை விட்டு எல்லோருக்கும் மேலே போய் நிற்பார். எதனால் என்று யாருக்கும் பிடிபடாது. PivotTable Options-இல் Totals & Filters பக்கத்தில் Use Custom Lists when sorting என்ற டிக்கை எடுத்தால் சரியாகும். பட்டியல் தாளிலேயே இருந்தால் இந்தச் சிக்கல் எழவே எழாது.

சூத்திரத்தில் உள்ள 99-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். பட்டியலில் இல்லாத எதுவும் அந்த எண்ணைப் பெறும். வரிசைப்படுத்தும் முன் ஏதாவது ஒரு செல்லில் =COUNTIF(E2:E61,99) என்று போட்டுப் பாருங்கள். 0 வந்தால் அறுபது பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது, அச்செடுக்கலாம். 2 வந்தால் E நெடுவரிசையில் 99-ஐ மட்டும் வடிகட்டி அந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒன்றில் A + என்று நடுவில் இடைவெளி இருக்கும், TRIM ஓரத்து இடைவெளியைத்தான் முழுதாக நீக்கும். இன்னொன்றில் O-வுக்குப் பதில் பூஜ்ஜியம் தட்டியிருப்பார்கள். அது வலப்பக்கம் ஒட்டி நிற்கும்.